ட்ரைபாடில் ஏறிய பிறகும் நகரும் சென்சார்

பல கேமராக்களின் கையேட்டில், உள்ளே எங்கோ ஓர் ஓரத்தில், இப்படி ஒரு குறிப்பு இருக்கும்: ட்ரைபாடில் பொருத்திப் படம் எடுக்கும்போது ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். படித்தவர்களுக்கும் அதன் காரணம் எளிதில் பிடிபடுவதில்லை. கை நடுக்கத்தைச் சரிசெய்யத்தானே அந்தக் கருவி? நடுக்கமே இல்லாத இடத்தில் அது பாட்டுக்குச் சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் படத்துக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

கெடும். சும்மா இருக்க அதற்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். ஆனால் "ட்ரைபாட் என்றாலே அணை" என்று பொதுவிதியாக எடுத்துக்கொண்டாலும் சில இடங்களில் நல்ல படம் கைநழுவிப் போகும். எப்போது அணைப்பது, எப்போது விடுவது என்று நாமே முடிவெடுக்க, அந்தக் கருவி எதை அளக்கிறது, எதை நகர்த்துகிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

நடுக்கத்தின் அளவு

கேமராவைக் கையில் பிடிக்கும்போது அது முழுதாக இடம் மாறுவதைவிட, மிகச் சிறிய கோணத்தில் மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புவதுதான் படத்தை அதிகம் கெடுக்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கேமரா ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்கு திரும்பியதாக வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லென்ஸில் அந்தத் திருப்பம் சென்சார் மேல் விழும் பிம்பத்தை 0.044 மி.மீ. தள்ளும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.006 மி.மீ. ஆகவே பிம்பம் 7 பிக்சல் இழுபடும். அதே திருப்பம் 400 மி.மீ. லென்ஸில் 0.35 மி.மீ. ஆகிறது, இழுபடுவது கிட்டத்தட்ட 58 பிக்சல்.

ஃபோகல் லெங்த் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அத்தனை மடங்கு நடுக்கமும் பெரிதாகிறது. லென்ஸுக்குள் ஸ்டெபிலைசர், உடலுக்குள் ஸ்டெபிலைசர் என்று இரண்டு வழிகள் உருவானதற்கும், இரண்டுக்கும் வேறு வேறு எல்லைகள் இருப்பதற்கும் அடிப்படை இந்தக் கணக்குதான்.

லென்ஸிலா, உடலிலா?

லென்ஸ் வழி முதலில் வந்தது. கழற்றி மாட்டும் எஸ்எல்ஆர் லென்ஸ்களில் இதை முதலில் கொண்டுவந்தது கேனன். 1995-ல் வெளியான 75-300 மி.மீ. ஜூம் லென்ஸ் அது. அதனுள் கேமரா எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் ஜைரோ உணரிகள் இருந்தன. அவை சொல்லும் அளவுக்கேற்ப, லென்ஸுக்குள் இருக்கும் ஒரு கண்ணாடித் தொகுதியைச் சிறு மோட்டார்கள் எதிர்த்திசையில் நகர்த்தும். ஒளி வளைந்து, பிம்பம் பழைய இடத்திலேயே விழும்.

உடல் வழி டிஜிட்டல் காலத்தில் வந்தது. ஃபிலிம் சுருளை நொடிக்குப் பலமுறை ஆட்ட முடியாது, சென்சாரை ஆட்டலாம். மினோல்டா 2003-ல் டிமாஜ் ஏ1 கேமராவில் இதைச் செய்தது. 2012-ல் ஒலிம்பஸின் ஓஎம்-டி இ-எம்5 ஐந்து வகை அசைவுகளைச் சரிசெய்யும் சென்சாருடன் வந்தது. மேல்-கீழ்த் திருப்பம், இட-வலத் திருப்பம், படம் சாய்வது போன்ற சுழற்சி, கேமரா பக்கவாட்டில் நகர்வது, மேலும் கீழும் நகர்வது ஆகியவையே அந்த ஐந்து. இன்று 'ஐபிஸ்' என்று படக்காரர்கள் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

இரண்டில் எது மேல் என்று கேட்பதைவிட, எது எதைச் செய்ய முடியாது என்று பார்ப்பது பயன் தரும். கை கொஞ்சம் தாராளமாக ஆடி, அரைப் பாகை திரும்பிவிட்டது என்று கொள்வோம். அதைச் சரிசெய்ய 50 மி.மீ. லென்ஸுக்குச் சென்சார் 0.44 மி.மீ. நகர்ந்தால் போதும். 400 மி.மீ. லென்ஸுக்கு 3.5 மி.மீ. நகர வேண்டும். உடலுக்குள் சென்சாரைச் சுற்றி இருக்கும் இடமோ சில மில்லிமீட்டர்தான். லென்ஸ் தரும் வட்டமான பிம்பத்துக்கு வெளியே சென்சார் போய்விட்டால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். லென்ஸுக்குள் உள்ள கண்ணாடித் தொகுதிக்கு இந்தத் தொல்லை குறைவு. அந்த லென்ஸுக்காகவே வடிவமைக்கப்பட்டது என்பதால், அது சிறிது நகர்ந்தாலே பிம்பம் போதிய அளவு நகரும். பறவைப் படக்காரர்கள் பயன்படுத்தும் நீண்ட டெலி லென்ஸ்களில் பெரும்பாலானவை, உடலில் ஐபிஸ் இருந்தாலும் தமக்கென்று ஸ்டெபிலைசர் வைத்திருப்பது இதனால்தான்.

மறுபுறம், கேமரா சுழல்வதை லென்ஸால் சரிசெய்யவே முடியாது. லென்ஸ் வட்டமானது, அதன் கண்ணாடியை எப்படி நகர்த்தினாலும் பிம்பத்தைச் சுழற்ற இயலாது. சென்சாரைத்தான் சுழற்ற வேண்டும். ஷட்டர் பொத்தானை அழுத்தும் விரலே கேமராவைச் சற்றுச் சுழற்றிவிடுவதால், அகலக் கோண லென்ஸ்களில் மெதுவான ஷட்டருடன் எடுக்கும்போது ஐபிஸ் கைகொடுக்கிறது. ஸ்டெபிலைசர் இல்லாத பழைய லென்ஸ்களுக்கும் அது பயன்படும் என்பது கூடுதல் வசதி.

அந்தப் பழைய லென்ஸ்களில் ஒரு கவனம் தேவை. மின்தொடர்பு இல்லாத லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டினால் அதன் ஃபோகல் லெங்த் உடலுக்குத் தெரியாது. மெனுவில் நாம்தான் எண்ணை உள்ளிட வேண்டும். 50 மி.மீ. லென்ஸை மாட்டிவிட்டு, முன்பு போட்ட 200 என்ற எண்ணை மாற்றாமல் விட்டால், சென்சார் தேவையைப்போல நான்கு மடங்கு நகரும். ஒரு பங்கு நடுக்கத்தைத் திருத்தப் போய், எதிர்த்திசையில் மூன்று பங்கு நடுக்கத்தை உண்டாக்கிவிடும். ஸ்டெபிலைசர் இல்லாமல் எடுத்திருந்தாலே படம் தெளிவாக இருந்திருக்கும்.

பார்க்காமல் திருத்தும் கருவி

இந்தத் தவறிலேயே கருவியின் இயல்பு தெரிந்துவிடுகிறது. படம் எடுக்கும் நொடியில் ஸ்டெபிலைசர் படத்தைப் பார்த்துத் திருத்துவதில்லை. ஜைரோ சொல்வதை நம்பி நகர்த்துகிறது, அவ்வளவுதான். அது பேருந்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவரைப் போன்றது. சட்டென்று ஒடிக்கும் திருப்பம் அவருக்கு உடனே தெரியும். நீண்ட, மெதுவான வளைவோ தெரியாது. நேராகப் போகும்போதும் லேசாகத் திரும்புவதாக ஒரு பிரமை வரும்.

கை நடுக்கம் நொடிக்குச் சில முறை முதல் பத்துப் பன்னிரண்டு முறை வரை வந்துபோகும் அசைவு. ஜைரோ அதைத் தெளிவாகப் பிடித்துவிடும். ட்ரைபாடில் அந்த அசைவு இல்லை. ஆனால் ஜைரோவின் அளவீடு அப்போதும் துல்லியமான பூஜ்யமாக இருப்பதில்லை. வெப்பத்தாலும் மின் இரைச்சலாலும் லேசாக நகர்ந்துகொண்டே இருக்கும். இல்லாத அந்த அசைவுக்கு எதிராகச் சென்சாரோ கண்ணாடித் தொகுதியோ மெல்ல நகரத் தொடங்கும். ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு மட்டுமே திறந்திருந்தால் அது தெரியாது. எட்டு நொடி திறந்திருந்தால் தெரியும்.

இன்னொரு வழியிலும் தவறு நேரும். ஸ்டெபிலைசரின் மோட்டார் நகரும்போது எழும் நுண்ணிய அதிர்வு கேமரா உடலில் பரவி, ஜைரோவுக்கே திரும்பி வரலாம். கையில் இருக்கும்போது நம் தசைகள் அதை உறிஞ்சிவிடும். ட்ரைபாடில் இறுக்கி வைத்த உலோகம் உறிஞ்சாது. தான் எழுப்பிய அதிர்வையே நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு, அதைத் திருத்த மேலும் அதிரும். கையேடுகள் பழைய லென்ஸ்களை அணைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இவை தவிர, பூமியின் சுழற்சியும் இதில் கலக்கிறது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அதில் நிற்கும் ட்ரைபாடும் காட்சியும் சேர்ந்தேதான் சுழல்கின்றன. ஒன்றுக்கொன்று அசைவே இல்லை. ஆனால் நல்ல ஜைரோவுக்கு அந்தச் சுழற்சி கேமராவின் திருப்பமாகத் தெரியும். 2016-ல் ஒலிம்பஸ் தன் இ-எம்1 மார்க் 2 கேமராவை வெளியிட்டபோது, ஸ்டெபிலைசரின் திறனை 6.5 ஸ்டாப்புக்கு மேல் உயர்த்தப் பூமியின் சுழற்சியே தடையாக இருப்பதாக அந்த நிறுவனத்திலிருந்தே சொல்லப்பட்டது. பிறகு வந்த கேமராக்கள் அந்த எண்ணைத் தாண்டிவிட்டன. இருந்தாலும், மிக மெதுவான உண்மையான திருப்பத்தையும் பொய்யான திருப்பத்தையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை அந்தச் செய்தி காட்டுகிறது.

கன்னியாகுமரியில், சூரியன் மறைந்த பிறகு

ஒரு படத்தை எடுத்து முழுக் கணக்கும் போட்டுப் பார்ப்போம். கன்னியாகுமரிக் கரையில் நின்று, விளக்கொளியில் தெரியும் 133 அடி வள்ளுவர் சிலையை எடுக்கிறீர்கள். லென்ஸ் 200 மி.மீ.யில் இருக்கிறது. அலைகள் பனிபோல மிருதுவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 8 நொடி என்று வைக்கிறீர்கள்.

பூமியின் சுழற்சி முழுவதையும் ஸ்டெபிலைசர் தவறாகத் திருத்தினால் என்ன ஆகும்? 8 நொடியில் திருப்பம் 120 வில்நொடி, அதாவது ஒரு பாகையில் முப்பதில் ஒரு பங்கு. 200 மி.மீ. லென்ஸில் அது சென்சார் மேல் 0.116 மி.மீ., அதாவது 19 பிக்சல். நிஜத்தில் கேமராவின் மென்பொருள் இப்படிப்பட்ட மெதுவான அளவுகளை வடிகட்டிவிடுகிறது. முழுதும் படத்தில் வராது. ஆனால் பத்தில் ஒன்பது பங்கை வடிகட்டினாலும் மீதம் இரண்டு பிக்சல் நிற்கும். சிலையின் விளிம்பில் இருக்க வேண்டிய கூர்மையைக் குறைக்க அது போதும். ஆகவே இந்தப் படத்துக்கு ஸ்டெபிலைசரை அணைக்க வேண்டும். 2 நொடி டைமரோ ரிமோட்டோ பயன்படுத்தினால் விரலின் அதிர்வும் சேராது.

ஆனால் கன்னியாகுமரியில் காற்று உண்டு. அது ட்ரைபாடையே ஆட்டினால்? முதலில் ட்ரைபாடைத் தாழ்த்த வேண்டும். நடுத்தண்டை உயர்த்தக் கூடாது, மெல்லிய கடைசிக் கால்களை நீட்டக் கூடாது. கேமராப் பையைத் தொங்கவிட்டால் அது காற்றில் ஊசலாடித் தானே அதிர்வைக் கொடுக்கும். தரையைத் தொடும்படி விடுவது நல்லது. லென்ஸ் ஹூடைக் கழற்றினால் காற்றுக்கு அகப்படும் பரப்பு குறையும். வார்ப்பட்டை படபடத்தால் அதையும் கழற்றிவிட வேண்டும்.

அத்தனையும் செய்த பிறகும் ஆடினால், 8 நொடிப் படத்தை ஸ்டெபிலைசரைப் போட்டுக் காப்பாற்ற முடியாது. நேரத்தைத்தான் குறைக்க வேண்டும். ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினால் 8 நொடி அரை நொடியாகும். லென்ஸை எஃப்/5.6-க்குத் திறந்தால் அது 1/8 நொடியாகும். இப்போது நிலைமை தலைகீழ். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் குறைவு, ஆகவே ஜைரோவின் பிழை சேர நேரமில்லை. காற்றால் வரும் ஆட்டமோ உண்மையானது, ஜைரோவால் அளக்கக்கூடியது. ஸ்டெபிலைசரைப் போட வேண்டிய இடம் இதுதான். அலைகளின் மிருதுத்தன்மை போய்விடும்; சிலை தெளிவாகக் கிடைக்கும்.

ஒரே இடம், ஒரே ட்ரைபாட், ஒரே லென்ஸ். முடிவை மாற்றியவை இரண்டு மட்டுமே: கேமரா உண்மையில் அசைகிறதா, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. கேமரா அசையாமல், நேரம் ஏறக்குறைய ஒரு நொடியைத் தாண்டினால் அணைப்பது சரி. கேமரா அசைந்து, நேரம் குறைவாக இருந்தால் விட்டுவைப்பது சரி. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை உங்கள் கேமராவை வைத்துச் சோதித்துத்தான் அறிய முடியும்.

ட்ரைபாட் இருந்தும் அணைக்கக் கூடாதபோது

வேடந்தாங்கலில் 500 மி.மீ. லென்ஸை கிம்பல் ஹெட்டில் பூட்டாமல் வைத்து, பறந்து இறங்கும் நாரையைப் பின்தொடர்பவருக்கு ட்ரைபாட் எடையைத் தாங்குகிறதே தவிர, லென்ஸைத் திருப்புவது அவர் கைதான். கையின் நடுக்கம் அப்படியே லென்ஸுக்குப் போகிறது. அவர் ஸ்டெபிலைசரைப் போட்டே வைக்க வேண்டும். பறவையைப் பக்கவாட்டில் தொடர்ந்து எடுக்கும்போது, மேல்-கீழ் அசைவை மட்டும் திருத்தும் முறை பல லென்ஸ்களில் உண்டு. கேனன் லென்ஸ்களில் அது ஸ்விட்சின் `MODE 2`. மோனோபாடில் வைப்பவர்களுக்கும் இதே விதி. ஒற்றைக் கால் முன்பின்னும் பக்கவாட்டிலும் சாயும். அது ட்ரைபாட் ஆகாது.

ஆட்கள் நடக்கும் மரத்தளம், வண்டிகள் போகும் பாலம், படகுத்துறை போன்ற இடங்களில் ட்ரைபாட் நின்றாலும் அதற்குக் கீழே தரை நிற்பதில்லை. அங்கும் குறுகிய நேரப் படங்களுக்கு ஸ்டெபிலைசர் உதவும்.

புதிய கருவிகளில் பலவற்றுக்குத் தாம் ட்ரைபாடில் இருப்பதை உணரும் திறன் உண்டு. கேனன் 1999-ல் வெளியிட்ட 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸிலேயே அது வந்துவிட்டது. கை நடுக்கத்துக்கே உரிய அசைவு வரவில்லை என்றால், கருவி திருத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். முழு அமைதியும் உண்டு, முழு நடுக்கமும் உண்டு என்றால் அதற்குக் குழப்பமில்லை. லேசான காற்று, அதிரும் தரை என்று நிலைமை நடுவில் இருக்கும்போதுதான் அது தடுமாறும். நீண்ட நேரப் படங்களில் அதை நம்பாமல் நாமே அணைத்துவிடுவது பாதுகாப்பு.

வீடியோவில் வேறொரு தொல்லை. ட்ரைபாடில் கேமராவை மெல்லத் திருப்பத் தொடங்கும்போது, ஸ்டெபிலைசர் அதை நடுக்கம் என்று கருதி பிம்பத்தைப் பிடித்து வைக்கும். எல்லைக்கு வந்ததும் விட்டுவிடும். காட்சி தயங்கி, பிறகு துள்ளும். ட்ரைபாடில் திருப்பி எடுக்கும் ஷாட்டுகளுக்கு அணைத்துவிட வேண்டும்.

எந்த ஸ்விட்ச்?

லென்ஸிலும் உடலிலும் ஸ்டெபிலைசர் இருந்தால் இரண்டையும் அணைக்க வேண்டும். ஒன்று அணைந்து மற்றது ஓடினாலும் மேலே சொன்ன பிழைகள் வரும். கேனனின் ஆர் வரிசையிலும் சோனியின் மிரர்லெஸ் கேமராக்களிலும், ஸ்விட்ச் உள்ள லென்ஸை மாட்டினால் அந்த ஒரே ஸ்விட்ச் இரண்டையும் கட்டுப்படுத்தும். மெனுவில் தேடினால் கிடைக்காது. ஸ்விட்ச் இல்லாத லென்ஸ் என்றால் மெனுவுக்குத்தான் போக வேண்டும். நிகானில் அதன் பெயர் `Vibration reduction`, சோனியில் `SteadyShot`. பென்டாக்ஸின் எஸ்எல்ஆர்களில் டைமர் அல்லது ரிமோட்டைத் தேர்ந்தெடுத்தாலே அது தானாக அணைந்துவிடும்.

அணைத்த பிறகு சென்சார் தளர்ந்து ஆடுமோ என்ற பயம் வேண்டாம். கேமரா இயங்கும்வரை மின்காந்தங்கள் அதை நடுவில் பிடித்து வைத்திருக்கும். கேமராவையே அணைத்த பிறகு, உடலை அசைத்தால் உள்ளே லேசாகச் சத்தம் வருவது சில ஐபிஸ் கேமராக்களில் இயல்பு, பழுது அல்ல.

உங்கள் கேமராவில் சோதிப்பது

சுவரில் ஒரு செய்தித்தாள் பக்கத்தை ஒட்டுங்கள். சிமென்ட் தரையில் ட்ரைபாடை வைத்து, ஃபோகஸைக் கையால் பூட்டி, டைமரில் எடுங்கள். 1/60, 1/4, 2, 10 நொடி என்று நான்கு நேரங்கள். ஒவ்வொன்றிலும் ஸ்டெபிலைசர் போட்டு ஐந்து, அணைத்து ஐந்து. ஐந்து எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஜைரோவின் பிழை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது, ஒரு படம் நன்றாக வந்துவிட்டால் ஏமாந்துவிடுவோம்.

கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். போட்டு எடுத்த நீண்ட நேரப் படங்களில் எழுத்துகள் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், அது ஸ்டெபிலைசரின் நகர்வு. அணைத்து எடுத்த 1/4 நொடிப் படத்தில் மட்டும் மங்கல் இருந்தால், ஷட்டரின் அதிர்வையோ ட்ரைபாடின் தளர்வையோ சந்தேகிக்க வேண்டும்.

வெளியில் எடுத்த இரவுப் படத்தில் தொலைதூர விளக்குகளே சாட்சி. படம் முழுதும் விளக்குகள் ஒரே திசையில் சிறு கோடுகளாக நீண்டிருந்தால், கேமரா திரும்பியிருக்கிறது அல்லது ஸ்டெபிலைசர் நகர்ந்திருக்கிறது. நடுவைச் சுற்றி வில்லாக வளைந்திருந்தால், கேமரா சுழன்றிருக்கிறது. கோடாகாமல் வட்டத் தட்டாக விரிந்திருந்தால், தவறு ஃபோகஸில். நட்சத்திரங்கள் மட்டும் கோடாகி, தரையில் உள்ள விளக்குகள் புள்ளியாகவே இருந்தால், கேமராவிடம் குறையில்லை. அது வானம் நகர்ந்த கோடு.

மிச்சம் இருப்பது மறதி. ட்ரைபாடில் அணைத்ததை மறந்து மறுநாள் கையில் எடுத்தால், கல்யாண மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் 1/15 நொடிப் படங்கள் எல்லாம் நடுங்கிப் போகும். கேமராவின் டயலில் `C1` போன்ற நினைவு இடம் இருந்தால், ஸ்டெபிலைசர் அணைப்பு, 2 நொடி டைமர், ஐஎஸ்ஓ 100 மூன்றையும் சேர்த்து அதில் பதிந்துவையுங்கள். ட்ரைபாடில் ஏற்றும்போது டயலை அங்கே திருப்பினால் போதும். இறக்கியதும் பழைய இடத்துக்குத் திருப்பினால் எல்லாம் பழையபடி வந்துவிடும். லென்ஸில் உள்ள ஸ்விட்சை மட்டும் எந்த நினைவு இடமும் மாற்றாது. அதனால் லென்ஸை ட்ரைபாடிலிருந்து கழற்றும்போதே அந்த ஸ்விட்சையும் `ON`-க்குத் தள்ளிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.